புதுப்பிப்பு: பணியில் சேர்ந்த தேதியைத் திருத்தக் கேட்ட கடிதம்

முன்பு கேட்டது: "07.01.2019-ல் மில்லில் சேர்ந்தேன். பதிவேட்டில் 01.07.2019 என்று இருக்கு. 31.08.2025-ல் விலகினேன். கடிதம் எப்படி எழுத?"

மில் பதிவேட்டில் திருத்திட்டாங்க. அம்பாசமுத்திரம் அண்ணாச்சி ஒருத்தர், பழைய டைம் ஆபீஸ் ஆள், சொன்ன வழிதான். "நியாயம் கேக்காதிய தம்பி, தாளைக் காட்டுங்க"ன்னார்.

கடிதத்தின் நடுப்பகுதி இவ்வளவுதான்: "நாளும் மாதமும் இடம் மாறிப் பதிவாகியுள்ளது. பணி நியமன ஆணையின் நகலும், 2019 ஜனவரி சம்பளச் சீட்டின் நகலும் இணைத்துள்ளேன். சரியான தேதியைப் பதிந்து, எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்." இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கிட்டேன்.

ஆதார் நகல் போதும்னு ஒரு நண்பர் சொன்னார். அது ஆள் யாருன்னு காட்டும், என்னைக்குச் சேர்ந்தோம்னு காட்டாது. பிறந்த தேதி தப்புன்னு எழுதின அக்கா, உங்களுக்கு வேற சான்று வேணும், தனியா கேளுங்க.

ஆறு மாசம்தானேன்னு விடாதீங்க. கிராஜுவிட்டியில் கடைசி வருஷம் ஆறு மாசத்துக்கு மேல போனா முழு வருஷக் கணக்கு. தப்பான தேதிப்படி எனக்கு 6 வருஷம், சரியான தேதிப்படி 7. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 20,800 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினா ஒரு வருஷத்துக்கு 12,000. அவ்வளவும் போயிருக்கும்.

பி.எஃப். கணக்கில் இன்னும் பழைய தேதிதான். கூட்டு உறுதிமொழி கொடுத்திருக்கேன், மில் ஒப்புதல் வரணும்.