ரிப்போர்ட் வரவில்லை, மழைதானே என்று விட்டுவிட்டோம்

தக்கலைக்காரன்

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடுக்கும் ஒரு கடையில் கம்ப்யூட்டர் வேலைகளை நான்தான் பார்க்கிறேன். தினமும் அதிகாலை 2.30க்கு அங்கே கணக்கு பேக்கப் ஆகும். இருபது நிமிடத்தில் முடிந்து, எத்தனை பதிவு, எவ்வளவு அளவு என்று முதலாளிக்கு ஒரு மெயில் போகும். ஆறு மணிக்குக் கட்டன் சாயாவோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பது அவருக்குப் பழக்கம்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டைமர் ஃபைலில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். பழைய டைமரை நீக்கிவிட்டு, புதியதை `systemctl start` என்று ஓடவிட்டேன். `enable` போட மறந்துவிட்டேன். நான்கு நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு ராத்திரி இடி, கரண்ட் போய் வந்தது, மெஷின் தானாக எழுந்துகொண்டது. டைமர் எழவில்லை.

பதினொரு நாள் மெயில் வரவில்லை. முதலாளியிடம் கேட்டால், “மழையில வெட்டு இல்லல்லா மக்கா, ஷீட்டும் வரல்ல. கணக்கு இல்லாததுனால மெயிலும் வரல்லன்னு நினைச்சேன்” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. மரத்தில் பால் வெட்டாத நாளில் கடையில் பதிவு இருக்காது. பதிவு இல்லாவிட்டாலும் மெயில் வரும் என்று நான் அவரிடம் சொன்னதே கிடையாது. பன்னிரண்டாம் நாள் ஹார்ட் டிஸ்க் போனது. துண்டுச்சீட்டின் கார்பன் காப்பிகளை எடுத்துவைத்து இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து தட்டினோம். மழைக்காலம் என்பதால் சீட்டு கொஞ்சம்தான் இருந்தது.

இப்போது மெயிலின் முதல் இரண்டு வரி இப்படி வரும்:

```
அடுத்த ஓட்டம்: வியாழன் 19-06-2025, அதிகாலை 2.30
மெயில் வர வேண்டியது: 3.15க்குள்
```

“நாளை” என்று எழுதுவதில்லை. மெயிலை அவர் எந்த நாளில் திறப்பார் என்று நமக்குத் தெரியாது. தொடங்கும் நேரத்தை மட்டும் சொன்னாலும் போதாது, அவர் காத்திருப்பது மெயிலுக்கு. அதனால் இதுவரை அதிகமாக எடுத்த 25 நிமிடத்தோடு இன்னும் 20 நிமிடம் சேர்த்து இரண்டாவது வரியைப் போட்டேன்.

இதிலும் ஒரு தடவை குட்டுப்பட்டேன். ஆரம்பத்தில் 2.30 என்பதை மெயிலுக்குள்ளேயே கையால் எழுதி வைத்திருந்தேன். ஆடிட் வாரத்தில் பேக்கப்பை இரவு 11க்கு மாற்றினேன், மெயில் பாட்டுக்கு 2.30 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இரவே வந்துவிட்ட மெயிலை அவர் கவனிக்கவில்லை, காலையில் எதுவும் வரவில்லை என்று போன் போட்டார். இப்போது டைமர் ஃபைலில் இருப்பதையே எடுத்துக் கணக்கிடுகிறேன்:

```bash
K=$(grep -m1 '^OnCalendar=' /etc/systemd/system/backup.timer | cut -d= -f2-)
systemd-analyze calendar "$K" | grep 'Next elapse'
```

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

வடசேரி வயர்

இதற்கு இவ்வளவு சுற்று எதற்கு? வேலை தோற்றால் மட்டும் மெயில் வரட்டும். `OnFailure=` என்று ஒரு வரி போதும். மெயில் வரவில்லையென்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நான் பதினான்கு மெஷின் பார்க்கிறேன். தினமும் பதினான்கு மெயிலை எவன் படிப்பான்?

தக்கலைக்காரன்

@வடசேரி வயர், என் கதையில் வேலை தோற்கவே இல்லை, தொடங்கவே இல்லை. தொடங்காத வேலைக்கு `OnFailure=` எப்படி வரும்? உங்கள் முறையில் அந்தப் பதினொரு நாளும் “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்றுதான் கணக்கு.

பார்வதிபுரம் அக்கா

தம்பி சொல்வது சரி. எங்கள் கதை நேரக் கணக்கில் மாட்டியது.

எங்கள் சர்வர் வெளியே கிளவுடில், UTC நேரத்தில் ஓடுகிறது. கிரானில் இப்படி இருந்தது:

```
0 21 * * 1-5
```

திங்கள் முதல் வெள்ளி வரை 21 மணி. நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் அதிகாலை 2.30. ஆனால் தேதியும் மாறிவிடுகிறது. திங்கள் 21 மணி என்பது நம் செவ்வாய் அதிகாலை, வெள்ளி 21 மணி நம் சனி அதிகாலை. ஆக ஞாயிறும் திங்களும் காலையில் ரிப்போர்ட் கிடையாது. எழுதியவருக்கு இது தெரியும். படிக்கிற அக்கவுண்டன்ட் பெண்ணுக்கு யார் சொன்னார்கள்? திங்கள்கிழமை தவறாமல் எட்டரை மணிக்குப் போன் வரும், “அக்கா, இன்னைக்கு வரல்ல”.

சரி என்று அடுத்த நேரத்தைச் சேர்த்தோம். சேர்த்த பையன் சர்வர் நேரத்தையே அப்படியே போட்டுவிட்டான், “வெள்ளி 21.00” என்று. அவள் வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறாள்! அன்றைக்கு அவளிடம் நான் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. இப்போது நம் நேரத்தில், கிழமையோடு வருகிறது. சனிக்கிழமை ரிப்போர்ட்டில் “அடுத்தது செவ்வாய் அதிகாலை 2.30” என்று இருக்கும். திங்கள் போன் நின்றுவிட்டது.

தம்பி, உன் இரண்டு வரி கோடில் எனக்கு மூன்று சந்தேகம்.

ஒன்று, நீ ஃபைலைப் படிக்கிறாய். ஃபைலைத் திருத்திவிட்டு `systemctl daemon-reload` கொடுக்காமல் விட்டால் systemd பழைய நேரத்தில்தான் ஓடும், உன் மெயில் புதிய நேரத்தைச் சொல்லும். மாற்றிய அன்று மட்டும் `systemctl list-timers` எடுத்து மெயிலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடு.

இரண்டு, டைமரில் `RandomizedDelaySec=30m` மாதிரி ஏதாவது இருந்தால் `systemd-analyze calendar` அதைச் சேர்த்துச் சொல்லாது. 2.30 என்று காட்டும், வேலை 2.58க்குத் தொடங்கும். அந்த அரை மணியை உன் 3.15இல் நீதான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த வரி ஸ்கிரிப்டின் கடைசியில் இருக்கிறதா? நடுவில் `set -e` அடித்து ஸ்கிரிப்ட் செத்தால் மெயிலே போகாது, இல்லாவிட்டால் பாதி போகும். தோற்ற அன்றைக்குத்தான் மனுஷனுக்கு அடுத்தது எப்போது என்று தெரிய வேண்டும். நாங்கள் மேலேயே இதைப் போட்டுவிடுகிறோம்:

```bash
trap 'send_report $?' EXIT
```

முடிந்தாலும் தோற்றாலும் `send_report` ஓடும். தோற்றிருந்தால் அதே வரியில், தானாக மறுபடி முயலுமா அல்லது அடுத்த ராத்திரி வரை ஒன்றும் நடக்காதா என்பதையும் எழுதுகிறோம். முயலாது என்றால் அவள் காத்திருக்காமல் உடனே எங்களைக் கூப்பிடுவாள்.

ஐயப்பன்குழி

அடுத்த ஓட்டம் என்றதும் மினிபஸ் விஷயம் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். எங்கள் பக்கம் கண்டக்டர் இறங்கும்போதே “அடுத்தது ஒண்ணே காலுக்கு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போவார். அது வரவில்லை என்றால் ஆட்டோ பிடித்துவிடுவோம். மற்றபடி மேலே உள்ள கோடு எதுவும் எனக்குப் புரியவில்லை, மன்னிக்கவும்.

குளச்சல் கரை

எனக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் இது எங்கள் விஷயமும்தான்.

வானிலைத் துறையின் புயல் அறிக்கையைக் கவனித்திருக்கிறீர்களா? கடைசியில் அடுத்த அறிக்கை எத்தனை மணிக்கு என்று இருக்கும். புயலாக உருவாகிவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒன்று வரும். வலைக்காரனுக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். கையில் இருப்பது பழையதா, இதற்குப் பிறகு ஒன்று வந்திருக்குமா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

எங்கள் வாட்ஸப் குரூப்பில் என்ன ஆகிறது தெரியுமா? யாரோ அறிக்கையின் முதல் பத்தியை மட்டும் வெட்டி அனுப்புவார்கள். கடைசி வரி போய்விடும். இன்னொருவர் அதை மத்தியானம் திரும்ப அனுப்புவார், போனில் மத்தியான நேரம் காட்டும், புதிய செய்தி என்று எல்லாரும் நினைப்பார்கள். அது காலையில் வெளிவந்ததாக இருக்கும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது ஆழ்கடலில் கிடந்தவர்களுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை, அது வேறு கதை. அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்த அறிக்கை வந்தாலும் முதலில் கேட்பது, எப்போது வந்தது, அடுத்தது எப்போது.

இப்போது நான் அனுப்புகிற செய்தியில் முதல் வரியிலேயே இரண்டு நேரத்தையும் எழுதிவிடுகிறேன். வெட்டினாலும் மேல்வரி தப்பிக்கும். தக்கலைத் தம்பி மேலே வைத்தது நல்லதாகப் போயிற்று.

வடசேரி வயர்

சரி, தொடங்காத வேலை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனிதன் மெயிலைப் படித்து, நேரத்தை நினைவில் வைத்து, வரவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றால் அது நடக்காது. அதற்கு வெளியே ஒரு சர்வீஸ் வைக்கலாம். வேலை முடிந்ததும் அதற்கு ஒரு தட்டு தட்ட வேண்டும், குறித்த நேரத்துக்குள் தட்டு வராவிட்டால் அது நமக்குச் சொல்லும். அதை வைத்துவிட்டால் அடுத்த நேரத்தை மெயிலில் எழுத வேண்டிய அவசியமே இல்லை.

பார்வதிபுரம் அக்கா

பதினான்கு மெஷினுக்கு அதுதான் சரி, நாங்களும் வைத்திருக்கிறோம். ஆனால் அந்தச் சத்தம் உங்களுக்குத்தான் வரும், ரப்பர் கடை முதலாளிக்கு வராது. அவருடைய கையில் இருப்பது அந்த மெயில் ஒன்றுதான். எங்களிடம் இரண்டும் இருந்தும், ஒரு தடவை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது அந்தப் பெண்தான். நாங்கள் போனை சைலண்டில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம்.

தக்கலைக்காரன்

அக்கா, மூன்றாவது சந்தேகம் சரிதான். வரி கடைசியில்தான் இருந்தது. நேற்று `trap` போட்டு, வேண்டுமென்றே பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ஓடவைத்தேன். “தோற்றது, தானாக மறுபடி முயலாது, அடுத்தது சனி 2.30” என்று மெயில் வந்தது. முதலாளி ஐந்தே நிமிடத்தில் போன் போட்டார், “என்னடே ஆச்சு?” சோதனை என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லாதது என் தப்பு.

முப்பந்தல் காற்று

எனக்கு ஒரு கேள்வி. காற்றாலைகளின் பத்து நிமிடச் சராசரிகளை எடுத்து மணிக்கொரு தடவை ரிப்போர்ட் அனுப்புகிறோம். லைன் மெதுவாக இருக்கும் நாளில் ஒரு ஓட்டமே 70 நிமிடம் ஆகிவிடுகிறது. 10 மணி ஓட்டம் 11.10க்கு முடிகிறது. அப்போது அடுத்தது என்று எந்த நேரத்தை எழுதுவது? 11 தாண்டிவிட்டது, 12 என்று எழுதினால் 11 என்ன ஆனது என்று கேட்கிறார்கள்.

பார்வதிபுரம் அக்கா

systemd டைமர் என்றால், முந்தையது ஓடிக்கொண்டிருக்கும்போது 11 மணி அடித்தாலும் இரண்டாவது ஒன்று தொடங்காது. ஆனால் 11 மணி ஓட்டத்தை அது விட்டுவிடாது, முந்தையது 11.10க்கு முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்கிவிடும். அப்படியானால் “11 மணி ஓட்டம் தாமதம், இது முடிந்ததும் உடனே தொடங்கும்” என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். கிரான் என்றால் அது பாட்டுக்கு 11க்கு இன்னொன்றைத் தொடங்கியிருக்கும், இரண்டும் ஒரே லைனில் அடித்துக்கொண்டு இன்னும் மெதுவாகும். உங்களுடையது எது?

முப்பந்தல் காற்று

கிரான்தான். இரண்டு ரிப்போர்ட் ஒரே நேரத்தில் வந்த நாளும் உண்டு, ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்று என்று மாற்றலாமா என்று கேட்டால், படிக்கிறவர்கள் மணிக்கணக்குதான் வேண்டும் என்கிறார்கள். இன்று சாயங்காலம் அவர்களோடு பேசிவிட்டு எழுதுகிறேன்.