பெறுதி பூச்சியம் வந்தால் உறுதிச் சமநிலையா இல்லையா? அவசரம்

நாவற்குழிப்பெடியன்
நாளைக் காலை டியூட் கொடுக்க வேண்டும், இப்ப இரவு பத்தரை. மீன் கணக்கு. சமநிலைப் புள்ளி 2 என்று வந்துவிட்டது, பெறுதியில் 2 ஐப் போட்டால் பூச்சியம் வருகிறது. மறை வந்தால் உறுதி, நேர் வந்தால் உறுதியில்லை என்றுதான் வகுப்பில் சொன்னவர்கள், பூச்சியத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கணினியில் ஓட்டிப் பார்த்தேன், 2 இலேயே நிற்கிறது. அப்ப உறுதி என்று எழுதலாம்தானே? அறையில் இருக்கிறவன் இல்லை என்று சண்டை பிடிக்கிறான்.

கொக்குவில்_77
தம்பி இது ஏஎல் பௌதிகவியலில் படித்ததுதான். குழிக்குள் பந்து உறுதி, மேட்டின் மேல் பந்து உறுதியில், அதாவது உறுதியில்லாதது, தட்டையான மேசையில் பந்து நடுநிலை. பூச்சியம் என்றால் தட்டை. நடுநிலைச் சமநிலை என்று எழுதிப்போட்டுப் படு.

பழைய_மாஸ்டர்
சமன்பாட்டைப் போடாமல் பெறுதி பூச்சியம், பெறுதி பூச்சியம் என்றால் நாங்கள் என்ன சாத்திரக்காரரா? எத்தனை வருடமாகச் சொல்கிறேன், கேள்வியை முழுதாகப் போடுங்கள் என்று. கொக்குவில், உங்கள் மேசைக் கதையும் பிழை. நடுநிலை என்றால் 2 க்குப் பக்கத்தில் உள்ள எல்லாப் புள்ளியும் சமநிலையாக இருக்க வேண்டும். ஒரு புள்ளியில் மட்டும் சரிவு பூச்சியம் என்றால் அது மேசை ஆகாது.

வடமராட்சி_அக்கா
சமன்பாடு என்ன தம்பி? கணினியில் எந்த எண்ணில் தொடங்கினீர், எவ்வளவு நேரம் ஓட்டினீர்?

நாவற்குழிப்பெடியன்
மன்னிக்கவும். P' = P(4-P) - 4. கடைசி 4 தான் வருடா வருடம் பிடிக்கிற மீன். ஓட்டியது இதுதான்:

```
P = 1.99
dt = 0.01
for i in range(5000):
    P += dt*(P*(4-P) - 4)
print(round(P, 1))
```

2.0 என்று வருகிறது.

குருநகர்_கரை
எங்களுக்குக் கடலட்டைப் பண்ணை இருக்கிறது. இந்தக் கணக்கை வைத்து வருடத்துக்கு எவ்வளவு அட்டை எடுக்கலாம் என்று சொல்ல முடியுமா?

வடமராட்சி_அக்கா
தம்பி, வலப்பக்கத்தை விரித்துப் பாரும், அது -(P-2)². வர்க்கம் எப்போதும் நேர், முன்னால் மறைக் குறி. அதாவது 2 ஐத் தவிர எங்கே நின்றாலும் P' மறைதான். இப்ப ஒரு நிலைக்குத்துக் கோடு கீறி 2 இல் ஒரு புள்ளி வையும். மேலே 3 ஐப் போட்டால் -1, அம்பு கீழே. கீழே 1 ஐப் போட்டாலும் -1, அதுவும் கீழே. மேலிருந்து வருகிற மீன்தொகை 2 ஐ நோக்கி வருகிறது, 2 க்குக் கீழே ஒரு பொட்டுக் குறைந்தாலும் 2 ஐ விட்டுவிட்டு ஓடுகிறது. பேஸ் லைன் என்கிற இந்தக் கோட்டுக்குப் பெறுதியே தேவையில்லை, இரண்டு பக்கமும் குறி மட்டும் போதும். பெறுதி பூச்சியம் வந்தால் அது ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். -(P-2)³ என்றாலும் பெறுதி பூச்சியம்தான், அங்கே 2 உறுதி. முன்னால் உள்ள மறையை எடுத்துவிட்டால் பெறுதி அப்போதும் பூச்சியம், 2 உறுதியில்.

நாவற்குழிப்பெடியன்
அக்கா அம்பு விளங்குகிறது. ஆனால் 1.99 கீழேதானே, ஓட வேண்டும் என்றால் ஏன் 2.0 இல் நிற்கிறது?

வடமராட்சி_அக்கா
நிற்கவில்லை, ஊர்கிறது. 2 இலிருந்து உள்ள தூரத்தை u என்று வையும், u' = -u². 0.01 தூரத்தில் நின்றால் வேகம் 0.0001. பெறுதி நேராக உள்ள புள்ளி என்றால் தூரம் மடங்கு மடங்காகப் பெருகும், இங்கே தொடக்கத்தில் அசைவே தெரியாது. தீர்த்தால் u = u₀/(1 + u₀t). உமக்கு u₀ = -0.01. நீர் ஓட்டியது 5000 படி, அதாவது t = 50 வரை. அங்கே u = -0.01/0.5 = -0.02, P = 1.98. அதையும் ஒரு தசமத்துக்கு மட்டம் தட்டினால் 2.0 தானே வரும். P பூச்சியம் ஆவது t = 99.5 இல். 9000 போட்டுப் பாரும், பிறகு 9900.

பழைய_மாஸ்டர்
அதற்குத்தான் round போடாதே என்று சொல்வது. கையால் இரண்டு அம்பு கீறத் தெரியாதவர்களுக்கு எதற்குக் கணினி.

கொக்குவில்_77
சரி மேசை பிழை, ஒத்துக்கொள்கிறேன். அப்ப பாதி உறுதி என்று எழுதலாமா? எங்கள் குறிப்பில் அரையுறுதி என்று ஒரு சொல் இருந்தது.

பழைய_மாஸ்டர்
அரையுறுதி என்பது செல்லப் பெயர். வரைவிலக்கணம் கேட்பது புள்ளிக்கு மிக அருகில் எந்தப் பக்கம் தொடங்கினாலும் அருகிலேயே இருக்கிறதா என்று. கீழ்ப்பக்கம் ஓடுகிறது, ஆகவே உறுதியில். முடிந்தது.

வடமராட்சி_அக்கா
மாஸ்டர் சொல்கிற வரைவிலக்கணப்படி அது சரி. ஆனால் அரையுறுதி என்று எழுதி, மேலிருந்து வருகிறது, கீழே போகிறது என்று பக்கம் சொன்னால் தகவல் கூடுதல். வெறும் உறுதியில் என்று எழுதினால் இரண்டு பக்கமும் ஓடுகிறது என்று வாசிப்பவர் நினைப்பார்.

பழைய_மாஸ்டர்
வாசிப்பவர் படிக்காதவர் என்றால் நினைப்பார்.

கொக்குவில்_77
புள்ளி போடுகிறவர் எதை ஏற்பார் என்பதுதான் தம்பியின் பிரச்சினை, உங்கள் இருவரின் பிரச்சினை வேறு.

குருநகர்_கரை
என் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வடமராட்சி_அக்கா
அண்ணை, பண்ணைக்கு இது பொருந்தாது. நீங்கள் குஞ்சு வாங்கி விடுகிறீர்கள், அட்டை தானாகப் பெருகி உங்கள் பண்ணையை நிரப்புவதில்லை. இது கடலில் தானாகப் பெருகுகிற மீனுக்கான கணக்கு. 1954 இல் ஷேஃபர் மீன்பிடிக்குப் பயன்படுத்திய அதே வளர்ச்சி வடிவம்தான்.

ஒன்று மட்டும் உங்களுக்கும் தம்பிக்கும் சொல்கிறேன். பிடிப்பு 4 என்பதுதான் இந்தச் சமன்பாடு தாங்கக்கூடிய உச்சம். 3 பிடித்தால் -(P-1)(P-3): 3 உறுதி, 1 உறுதியில், 1 க்குக் கீழே போகாதவரை தப்பலாம். பிடிப்பைக் கூட்டக் கூட்ட அந்த இரண்டு புள்ளியும் நெருங்கி வந்து 4 இல் ஒட்டிக்கொள்கின்றன, அதுதான் பெறுதி பூச்சியம். 5 பிடித்தால் புள்ளியே இல்லை, எங்கே தொடங்கினாலும் அழிவு. ஆனால் நிலையான தொகை பிடிக்காமல் இருக்கிற மீனுக்கு ஏற்றபடி பிடித்தால், P' = P(4-P) - 2P என்று வையுங்கள், அங்கேயும் சமநிலை 2, அங்கேயும் பிடிப்பு 4, ஆனால் பெறுதி -2, உறுதி. ஒரே மீன், ஒரே பிடிப்பு, கதை மட்டும் வேறு.

குருநகர்_கரை
மீன் குறைந்தால் வலையைக் குறை என்கிறீர்கள். அதை ஐயா சொல்லிக்கொண்டே இருந்தவர். டீசல் கடன் குறையாதே பிள்ளை.

பழைய_மாஸ்டர்
இழை கடலுக்குப் போய்விட்டது.

நாவற்குழிப்பெடியன்
9000 போட்டேன் 1.9. 9900 போட்டேன் 1.0. 10000 போட்டால் மறை எண் வருகிறது, மீன் மறையில். அரையுறுதி என்று எழுதி, அம்பும் கீறி, அடைப்புக்குள் உறுதியில் என்றும் எழுதிவிட்டேன். நன்றி அக்கா. கரண்ட் போய்விட்டது, போனில் 4 வீதம்