கண்டிஷனர் மட்டும் போட்டு அலசினா போதுமா?

*குழு: நம்ம வீட்டு அரட்டை*

நித்யா, காலை 9:12
அருணாக்கா, ஒரு சந்தேகம். பிரியா சொன்னான்னு 5 வாரமா ஷாம்பூவே தொடல, கண்டிஷனர் மட்டும் போட்டு அலசறேன். முதல் 3 வாரம் சுருள் அவ்ளோ அழகா விழுந்துச்சு. இப்ப உச்சியில சப்புனு ஒட்டிக்கிட்டு நிக்குது, நுனி வைக்கோல் மாதிரி இருக்கு. கண்டிஷனரைக் கூட்டணுமா?

சாந்தி சித்தி, 9:15
கூட்டு கூட்டு. வறண்டா கண்டிஷனர்தான். ஷாம்பூ எல்லாம் சோப்புத்தூள் மாதிரி, சுருட்டை முடிக்கு எமன்.

அருணா, 9:31
கூட்டாதே நித்யா, கொஞ்சம் பொறு. வறட்சியும், எண்ணெயும் கண்டிஷனரும் முடியில தங்கிப்போற படிவும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், எல்லாரும் ஏமாறுற இடமே இதுதான். படிவு இருக்கிற முடியில இன்னும் கண்டிஷனர் போட்டா மேலே இன்னொரு பூச்சுதான் ஏறும்.
மூணு விஷயம் சொல்லு. வாரத்துல எத்தனை தடவை எண்ணெய் வைக்கிறே? தண்ணி எது? கண்டிஷனர் பாட்டில் பின்னாடி "கோன்"னு முடியற பேர் இருக்கா?

நித்யா, 9:40
ஞாயித்துக்கிழமை தேங்காய் எண்ணெய், நல்லா தடவிதான். தண்ணி போர் தண்ணி, குழாயெல்லாம் வெள்ளையா பூத்திருக்கும். பாட்டில்ல டைமெதிகோன்னு மூணாவதா இருக்கு.

பிரியா, 9:44
ஐயோ, எனக்கு 2 வருஷமா ஒண்ணுமே ஆகலயே! அதே முறைதான்.

அருணா, 9:52
உனக்கு ஒத்துக்கும் பிரியா. கோயம்புத்தூர்ல சிறுவாணித் தண்ணி, எண்ணெய் வைக்கமாட்டே, முடியும் கரகரன்னு தடிமனா இறுக்கமான சுருள். உச்சியில சுரக்கிற எண்ணெய் அந்த வளைவுல இறங்கி நுனிக்கு வந்து சேராது, அதனால ஷாம்பூ அடிக்கடி போட்டா காய்ஞ்சு போகும். இந்த முறை அந்த மாதிரி முடிக்குத்தான்.
மெல்லிய முடி, லேசா அலை அலையா இருக்கறது, ரெண்டாவது நாளே தலை பிசுபிசுக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் பூச்சோட கனத்துலேயே சுருள் தொங்கிடும்.

சாந்தி சித்தி, 9:55
அப்போ கண்டிஷனர் அழுக்கை எடுக்கவே எடுக்காதா?

அருணா, 10:03
எடுக்கும் சித்தி, ஆனா லேசான அழுக்கைத்தான். அதுல இருக்கிற பிஹென்ட்ரிமோனியம் மாதிரி சமாச்சாரம் வியர்வை, தூசு, கொஞ்சம் எண்ணெய் இதையெல்லாம் இளக்கும். மிச்ச வேலை விரல் தேய்க்கிறதுதான். ஒரு கை தேங்காய் எண்ணெயையும் டைமெதிகோனையும் அதால கழட்ட முடியாது. டைமெதிகோன் ஒரு சிலிகோன், தண்ணியில கரையாது. ஒவ்வொரு அலசலுக்கும் கொஞ்சம் தங்கும், அடுத்த தடவை அதுமேல இன்னும் கொஞ்சம். "பெக்"னு ஆரம்பிக்கிற சிலிகோன்னா பெரும்பாலும் தண்ணியோட போயிடும்.
நித்யாவுக்கு 3 வாரம் நல்லா இருந்து நாலாவது வாரம் கெட்டதுக்குக் காரணம் இதுதான். முதல்ல அந்தப் பூச்சே மினுமினுப்பா தெரிஞ்சிருக்கும்.

ராமு மாமா, 10:10
எனக்கும் தலையில வெள்ளையா உதிருது. நானும் கண்டிஷனர் வாங்கிடவா? முடி கொட்டறதும் நிக்குமா?

அருணா, 10:16
மாமா, நீங்க வேண்டவே வேண்டாம் 😄 கொட்டறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உதிர்றதை ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பாருங்க. மெழுகு மாதிரி இழுபட்டு, ஒரு ஷாம்பூவோட காணாமப் போச்சுன்னா அது படிவு. ரெண்டு மூணு நாள்ல திரும்ப வந்து, அரிப்பும் சிவப்பும் இருந்தா பொடுகு. பொடுகுக்குக் காரணமான பூஞ்சை தலையோட எண்ணெயைத் தின்னுதான் வாழுது, அந்த எண்ணெயை எடுக்காம விட்டா பூஞ்சைக்கு விருந்துதான். தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க.

ராமு மாமா, 10:18
இழுபடல. அரிக்குது.

அருணா, 10:19
அப்போ டாக்டர், மாமா.

அருணா, 10:34
நித்யா, நான் சொல்றதை அப்படியே நம்பாதே, இன்னிக்கே பாதித் தலையில பாத்துடு. நடு வகிடு எடுத்து, வலது பக்கத்தை கிளிப் போட்டு ஒதுக்கு. இடது பக்கத்துக்கு மட்டும் சாதாரண சல்ஃபேட் ஷாம்பூ, சிலிகோன் இல்லாதது, ஈடிடிஏ இருந்தா இன்னும் நல்லது, போர் தண்ணி சுண்ணாம்பை அது பிடிச்சு இழுத்துடும். உச்சியில மட்டும் தேய், நுரை வழிஞ்சு நுனிக்குப் போகும், அது போதும். முதல் தடவை நுரையே வராது, பயப்படாதே, எண்ணெய் தின்னுடும். அலசிட்டு இரண்டாவது தடவை போடு. அப்புறம் காது மட்டத்துக்குக் கீழே கண்டிஷனர்.
வலது பக்கம் வழக்கம் போல கண்டிஷனர் மட்டும். ரெண்டையும் காய விடு.

நித்யா, மாலை 5:48
அக்கா!! ஷாம்பூ போட்ட பக்கம் சீக்கிரம் காய்ஞ்சுடுச்சு, காதோரச் சுருள் கிட்டத்தட்ட ரெண்டு விரக்கடை மேலே ஏறிடுச்சு. வலது பக்கம் இன்னும் ஈரம், தொட்டா வழவழன்னு இருக்கு. ஆனா இடது நுனி சொரசொரங்குது.

அருணா, 6:05
இடது பக்கம் கடைசியா கண்டிஷனர் போட்டியா?

நித்யா, 6:06
...மறந்துட்டேன் 🙈

அருணா, 6:14
அதான் சொரசொரப்பு. போட்டுப் பாத்துட்டுச் சொல்லு, அப்பவும் போகலன்னா தண்ணிதான் காரணம். அப்படின்னா கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு லிட்டர் கேன் தண்ணி ஊத்திக்கோ.
இனிமே எண்ணெய் வச்ச ஞாயித்துக்கிழமை ஷாம்பூதான், அதுல மாத்தம் இல்ல. நடு வாரம் புதன்கிழமை வேணா கண்டிஷனர் அலசல். அதுக்கும் சிலிகோன் இல்லாத பாட்டில் வாங்கு. தோள்வரைக்கும் உன் முடிக்கு நாலு மேஜைக்கரண்டி பிடிக்கும், நிறைய பேர் ஒரு கரண்டியோட நிறுத்திக்கிறாங்க. முடியை நாலா பிரிச்சு, தொப்பலா நனைச்சு, நகம் படாம விரல் நுனியால உச்சியைத் தேய். 4 நிமிஷம், கடிகாரம் பாத்துத் தேய், ஒரு நிமிஷத்துலயே கை வலிக்க ஆரம்பிச்சு நிறுத்தத் தோணும். பிடரியை விட்டுடாதே, படிவு அங்கதான் முதல்ல பிடிக்கும். அலசறதுக்கு 3 நிமிஷம்.

சாந்தி சித்தி, 6:20
இத்தனை கூத்துக்கு அரப்பு போட்டா போதாதா? எங்க அம்மா அதைத்தான் போட்டாங்க.

அருணா, 6:27
அரப்பு எண்ணெயை நல்லாவே எடுக்கும் சித்தி, அதுல மறுப்பே இல்ல. ஆனா சுருளுக்குள்ள பொடி மாட்டிக்கிட்டா எடுக்கறதுக்குள்ள முடி இத்துப் போகும். சுடுதண்ணியில ஊற வச்சு, மெல்லிய துணியில வடிகட்டி, அந்தத் தண்ணியை மட்டும் ஊத்தணும். அது போர் தண்ணிச் சுண்ணாம்பைக் கழட்டுமான்னு கேட்டா நான் ஷாம்பூ பக்கம்தான் நிப்பேன்.

சாந்தி சித்தி, 6:29
நீ அப்படித்தான் சொல்லுவே.

பிரியா, 6:31
அக்கா, அப்போ நானும் எப்பவாவது ஷாம்பூ போடணுமா?

அருணா, 6:38
முடி நனையவே நேரம் பிடிச்சா, தண்ணி மேலேயே உருண்டு ஓடினா, இல்ல உச்சியைச் சுரண்டினா நகத்துல வெள்ளையா மெழுகு வந்தா போடு. ஒண்ணும் தெரியலன்னா மாசத்துக்கு ஒரு தடவை போதும்னு சிலர் சொல்றாங்க, சிலர் ரெண்டு தடவைங்கறாங்க. தேதி பாக்காதே, நகத்தைப் பாரு.

நித்யா, 8:50
வலது பக்கமும் ஷாம்பூ போட்டாச்சு, கண்டிஷனரும் ஆச்சு. நுனியில சொரசொரப்பு போயிடுச்சு. பிடரி மட்டும் இன்னும் கொஞ்சம் வழவழங்குது.

அருணா, 8:53
பிடரிக்கு அடுத்த ஞாயிறு ஒரு தரம் தனியா தேய். ஒரே நாள்ல மூணாவது தடவை வேண்டாம்.