மவுசர் 98: கைப்பிடியைத் தூக்கும்போது போல்ட் எவ்வளவு பின்வாங்கும்?

வணக்கம். மவுசர் 98 துப்பாக்கியின் போல்ட் இயக்கத்தை அனிமேஷனாக வரைந்து வருகிறேன். ஓரிடத்தில் உங்கள் உதவி வேண்டும்.

முன்னே தள்ளும் பாதி சரியாக வந்துவிட்டது. போல்ட் மேகசினின் மேல் தோட்டாவைத் தள்ளும்போது, தோட்டா மேலெழுந்து, அதன் அடி விளிம்பு எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குள் நழுவி நுழைகிறது. சேம்பருக்குள் முழுதாகப் போகுமுன்பே கொக்கி பிடித்துவிடும். அதனால் பாதியில் போல்ட்டை இழுத்தாலும் தோட்டா கூடவே திரும்பி வரும். அடுத்த தோட்டா அதன் பின்னால் முட்டிச் சிக்காது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சிக்கல் வெளியே எடுக்கும் பாதியில். சுட்டதும் கூடு விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டியிருக்கும். கைப்பிடியைத் தூக்கும்போதே அதன் அடிப்பகுதி சட்டத்தின் சரிவில் ஏறி, போல்ட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, கூட்டை இளக்கிவிடுகிறது. கொக்கி மட்டும் போல்ட்டோடு சுழலாமல் வலப்பக்கமே நிற்கிறது. பிறகு நேராக இழுத்தால், கடைசியில் இடப்பக்க எஜெக்டர் தகடு கூட்டின் அடியில் மோதி வலப்புறம் வீசுகிறது.

அந்த முதல் பின்நகர்வு எத்தனை மில்லிமீட்டர்? தூக்கத் தொடங்கியதுமே நகர்கிறதா, கடைசிப் பகுதியில்தானா? செயலிழக்கச் செய்த மாதிரியோ அளவு வரைபடமோ வைத்திருப்பவர்கள் அளந்து சொல்லுங்கள். பக்கவாட்டுப் படம் இருந்தால் இன்னும் நல்லது.