பலகை, ஒரு தாங்கி, ஒரு பையன்: கணக்கில் 60 செ.மீ., நிஜத்தில் 72. தப்பு எங்கே?

புதுத்தச்சன்:
3 மீட்டர் பலகை ஒன்று இருக்கிறது. முழு நீளத்துக்கும் ஒரே அகலம், ஒரே தடிமன், எடை 20 கிலோ. அக்கா பையன் 30 கிலோ. அவன் ஒரு முனையில் உட்கார வேண்டும், மறுமுனையில் யாரும் கிடையாது. அடியில் ஒரே ஒரு தாங்கி வைத்துப் பலகையைக் கிடைமட்டமாக நிறுத்த வேண்டும். அவனுக்குப் பாடத்தில் வந்த கணக்குதான், செய்தே காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

தாங்கி அவன் முனையிலிருந்து x மீட்டர் தூரம். பலகையின் எடை நடுவில், 1.5-ல் இறங்குகிறது. g இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும்.

30 × x = 20 × (1.5 − x)
50x = 30, x = 0.6

60 செ.மீ.-ல் பென்சில் கோடு போட்டு, 5 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாயை உருளாதபடி கட்டி அடியில் வைத்தேன். பையனை உட்கார வைத்துக் கையை எடுத்ததும் நீள முனை தொப்பென்று தரையில் விழுந்தது, இவன் மேலே போய்விட்டான். அவனுக்கு ஒரே குஷி. தள்ளித் தள்ளிப் பார்த்ததில் 72 பக்கம் வந்தபோதுதான் ஒரு நொடி நின்றது. அந்த 12 செ.மீ. எங்கிருந்து வந்தது?

சட்டென்று:
ரொம்ப யோசிக்காதீங்க. 30-க்கு 20, அதாவது 3-க்கு 2. நீளத்தை அந்த விகிதத்தில் தலைகீழாகப் பிரிச்சா பையன் பக்கம் 1.2 மீட்டர், அந்தப் பக்கம் 1.8. முடிஞ்சது.

புதுத்தச்சன்:
மறுமுனையில் 20 கிலோவில் இன்னொரு பையன் உட்கார்ந்து, பலகைக்கு எடையே இல்லை என்றால் அது சரி. இங்கே அந்த 20 கிலோ பலகை முழுக்கப் பரவி இருக்கிறது. இருந்தாலும் 1.2-ல் வைத்தும் பார்த்தேன். இவன் பக்கம்தான் இறங்கியது.

கோணமானி:
உங்க கணக்கில் ஒரு சின்னத் தப்பு. எடையை நடுவில் வைக்கணும், அது சரி. ஆனா எதன் நடுவில்? பையனை எதிர்த்து இழுப்பது தாங்கிக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. அப்போ அந்தப் பகுதியின் நடுவைத்தான் எடுக்கணும். அதன் தூரம் (3 − x)/2.

30x = 20 × (3 − x)/2
40x = 30, x = 0.75

உங்களுக்கு 72 வந்திருக்கு. 3 செ.மீ. வித்தியாசம் டேப் பிடிச்சதில் போயிருக்கும்.

புதுத்தச்சன்:
அட, கிட்டத்தட்ட ஒத்துப்போகிறதே! அப்படியானால் 1.5 என்று எடுத்ததுதான் தப்பா?

நெம்புகோல்:
இல்லை, உங்கள் சமன்பாடு சரி. கோணமானி சொன்னது 72-க்குப் பக்கத்தில் வந்தது தற்செயல். பையனை இறக்கிவிட்டு அவர் சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் பூஜ்யம் என்றால் 3 − x = 0, அதாவது x = 3. வெறும் பலகையை முனையில் தாங்கினால் நிற்கும் என்கிறது அது. நடுவில்தானே நிற்கும்?

அவர் சறுக்கிய இடம் இது. நீளப் பகுதியின் நடுவை எடுத்தவர், எடையை மட்டும் முழு 20 கிலோவாக வைத்துவிட்டார். பகுதியாகப் பிரித்தால் எடையையும் பிரிக்க வேண்டும். 60-ல் தாங்கி இருந்தால் பையன் பக்கம் 0.6 மீட்டர் பலகை, 4 கிலோ, அதன் நடு 0.3-ல். அந்தப் பக்கம் 2.4 மீட்டர், 16 கிலோ, அதன் நடு 1.2-ல்.

பையன் பக்கம்: 30 × 0.6 + 4 × 0.3 = 19.2
அந்தப் பக்கம்: 16 × 1.2 = 19.2

இரண்டும் சமம். இந்தப் பக்கம் 34 கிலோவும் அந்தப் பக்கம் 16 கிலோவும் இருந்தும் பலகை நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். எடை சமமாக இருக்க வேண்டியதில்லை, திருப்பு விசைதான் சமமாக வேண்டும்.

கணக்கு சரி என்றால் கோளாறு கணக்குக்குள் போன எண்களில் இருக்கிறது. இரண்டு விஷயம் சொல்லுங்கள். வெறும் பலகை எங்கே நிற்கிறது? பையன் எந்தப் பக்கம் பார்த்து, எப்படி உட்கார்ந்தான்?

கோணமானி:
பையனை இறக்கிவிட்டுப் பார்க்கணும்னு தோணலை. ஒத்துக்கறேன், எடையைப் பிரிக்காம விட்டுட்டேன்.

ஏணிமேல்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். சுவருக்குப் பெயின்ட் அடிக்க இரண்டு முக்காலிமேல் 4 மீட்டர் பலகை போட்டிருக்கிறேன், 24 கிலோ இருக்கும். இரண்டு பக்கமும் 1 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் 60 கிலோ. முனைவரை போகலாமா?

நெம்புகோல்:
போகாதீர்கள். பலகை கவிழத் தொடங்கும் நொடியில் தூரத்து முக்காலி எதையும் தாங்குவதில்லை, உங்கள் பக்கத்து முக்காலி மட்டும்தான் தாங்கி. அதாவது இதே கணக்குதான். அதற்கு அந்தப் பக்கம் பலகையின் நடு 1 மீட்டரில்: 24 × 1 = 24. நீங்கள் முனையில் நின்றால் 60 × 1 = 60. முக்காலியைத் தாண்டி 40 செ.மீ. போனதுமே இரண்டும் சமமாகிவிடும். அதுவும் காகிதத்தில்தான். கையை நீட்டிக் குனிந்தால் அதற்கு முன்பே தூக்கிவிடும். முக்காலிக்கு உள்ளேயே நில்லுங்கள்.

புதுத்தச்சன்:
வெறும் பலகையை வைத்துப் பார்த்தேன். பையன் உட்கார்ந்த முனையிலிருந்து 149-ல் நிற்கிறது. குதிரைமேல் உட்காருகிற மாதிரி இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டு, தாங்கியைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முதுகு சரியாகப் பலகை முனைக்கு நேரே இருந்தது. அதனால்தான் 'முனையில்' என்று எடுத்துக்கொண்டேன்.

நெம்புகோல்:
அங்கேதான் இருக்கிறது. முனையில் இருப்பது அவன் முதுகு. அவன் 30 கிலோவும் முதுகில் இல்லையே! வயிறு, தொடை, கால், பலகையைப் பிடித்த கை எல்லாம் முனைக்கு உள்ளே, தாங்கியை நோக்கி இருக்கின்றன. அவன் எடை இறங்கும் கோடு முனையிலிருந்து d தூரம் உள்ளே என்று வையுங்கள்.

30 × (x − d) = 20 × (1.5 − x)

d = 0.2 என்று போட்டால் x = 36/50 = 0.72. உங்கள் 12 செ.மீ. வந்துவிடுகிறது. நீள முனை விழுந்ததும் இதோடு பொருந்துகிறது. தாங்கி 60-ல் இருந்தபோது அவன் எடை தாங்கியிலிருந்து 60 செ.மீ. தள்ளி அல்ல, 40 செ.மீ. தள்ளித்தான் இருந்தது. 12-க்கு எதிரே 18.

ஆனால் உடனே நம்பிவிடாதீர்கள். விடை தெரிந்த பிறகு அதற்கு ஏற்றாற்போல் 20 செ.மீ. என்று பொறுக்கி எடுத்தேன். கோணமானியின் 75 பொருந்திய மாதிரி இதுவும் பொருந்தலாம். d-ஐத் தனியாக அளக்க வேண்டும். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறதா? பலகையின் இரண்டு முனைகளையும் ஒரே உயரத்தில் தாங்கி, பையன் இல்லாத முனையை மெஷின்மேல் வையுங்கள். முனைக்கு அடியில் மெல்லிய சட்டம் ஒன்று இருக்கட்டும், தூரம் துல்லியமாக 3 மீட்டர் வர வேண்டும். முதலில் வெறும் பலகை என்ன காட்டுகிறது என்று குறியுங்கள், பிறகு பையன் அதே மாதிரி உட்காரட்டும். எண் எவ்வளவு கூடுகிறதோ அது 30 × d/3, அதாவது 10d. கால் தரையைத் தொடக்கூடாது.

சட்டென்று:
இவ்வளவு பாடா? பையனை 20 செ.மீ. பின்னால் தள்ளி உட்காரச் சொல்லுங்க.

புதுத்தச்சன்:
பின்னால் தள்ள அங்கே பலகையே இல்லை!

புதுத்தச்சன்:
மெஷினில் அளந்தேன். வெறும் பலகை 9.9 கிலோ. பையன் உட்கார்ந்ததும் 11.8. மூன்று தடவை அதேதான், இன்னொரு தடவை மட்டும் 11.9. கூடியது 1.9, அதனால் d = 0.19 மீட்டர். பலகையின் நடுவை 1.49 என்று எடுத்தால்:

50x = 20 × 1.49 + 30 × 0.19 = 29.8 + 5.7 = 35.5
x = 0.71

71-ல் வைத்தேன், 72-ஐ விடக் கொஞ்சம் நன்றாகவே நின்றது. ஆனால் 'நின்றது' என்பதே பெரிய வார்த்தை. ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு ஏதாவது ஒரு பக்கம் போய்விடுகிறது. திருப்பு விசை சமம் என்றால் அப்படியே இருக்க வேண்டாமா?

கோணமானி:
உராய்வு போதலை. குழாய்மேல ரப்பர் சுத்திப் பாருங்க.

நெம்புகோல்:
ரப்பர் சுற்றினால் பலகை வழுக்காது, அவ்வளவுதான். சாய்வது நிற்காது. பையனும் பலகையும் சேர்ந்த ஈர்ப்பு மையம் குழாய்க்கு மேலே இருக்கிறது. உட்கார்ந்த பையனின் மையம் பலகைக்கு மேல் 20 செ.மீ. என்றும், பலகை 4 செ.மீ. தடிமன் என்றும் உத்தேசமாக வைத்தால், கூட்டு மையம் குழாயைத் தொடும் இடத்துக்கு மேலே சுமார் 15 செ.மீ. ஒரு பக்கம் இம்மி சாய்ந்தாலும் மையம் அந்தப் பக்கம் நகர்ந்து இன்னும் சாய்க்கும். பலகை உருண்டையான தாங்கிமேல் சாயும்போது தொடும் இடமும் அதே பக்கம் நகர்ந்து ஓரளவு காப்பாற்றும். ஆனால் அதற்குத் தாங்கியின் ஆரம் அந்த 15 செ.மீ.-ஐ விடப் பெரியதாக இருக்க வேண்டும். உங்கள் குழாயின் ஆரம் 2.5.

குழாய்க்குப் பதில் 10 செ.மீ. அகலமுள்ள கட்டையை வைத்தால் அசையாமல் நிற்கும். கட்டையின் நடு 66 முதல் 76 வரை எங்கே இருந்தாலும் நின்றுவிடும் என்பதால் எதையும் அளக்க முடியாது. நல்லவேளை, நீங்கள் குழாயில் செய்தீர்கள். கட்டையாக இருந்தால் இந்த 12 செ.மீ. சரியாகப் பிடிபட்டிருக்காது.

கோணமானி:
அப்போ 20 செ.மீ. ஆரமுள்ள டிரம்மைப் படுக்கவெச்சு ஆப்பு அடிச்சா தானா நிக்குமா? பையன் ஆடிக்கிட்டே இருப்பானே.

நெம்புகோல்:
காகிதத்தில் நிற்கும். ஆடுகிற பையனோடு எனக்குச் செய்து பார்த்த அனுபவம் இல்லை. அவன் 5 செ.மீ. முன்னால் சாய்ந்தாலே சமநிலைப் புள்ளி 3 செ.மீ. நகரும். பலகை எவ்வளவு சாய்ந்து அதை ஈடுகட்டும் என்பதைப் பார்க்க வேண்டும்.

புதுத்தச்சன்:
டிரம் கிடைத்தால் செய்கிறேன். இன்னொன்று இடிக்கிறது. பலகையை முனைமாற்றித் திருப்பிப் போட்டேன். இப்போது பலகையின் நடு அவனிடமிருந்து 151, அதனால் தாங்கி 0.8 செ.மீ. மட்டும் நகர வேண்டும். எனக்கு 73 வருகிறது, 2 செ.மீ. கூடுதல்.

நெம்புகோல்:
மீதி 1.2-க்கு அவன் 2 செ.மீ. முன்னால் நகர்ந்திருந்தால் போதும். இந்தத் தடவை முதுகை முனைக்கு நேரே வைத்துப் பார்த்தீர்களா? மெஷினில் மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

புதுத்தச்சன்:
பார்க்கவில்லை. அளக்கலாம் என்றால் பையன் ஓடிவிட்டான். இனி உட்கார ஐஸ்கிரீம் கேட்கிறான்.