ஒரே ஈடாக எழுதி, நேரம் குறிப்பது: என்ன பெயர்?

மீனா:
வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் வேர்ட்பிரஸ் தளத்தில் நாளுக்கொரு நூலை அறிமுகப்படுத்துகிறோம். ஞாயிறு பிற்பகல் உட்கார்ந்து ஏழையும் எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் நாளும் நேரமும் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். தன்னார்வலர் கையேட்டில் இந்த வேலைக்கு "தொகுதிப் பதிவேற்றம்" என்று எழுதினேன். தேர்தல் வாடை அடிக்கிறது. வேறு சொல் உண்டா?

கதிர்:
முன்கூட்டியே இடும் பதிவு, ஆகவே முன்பதிவு. இதற்கு எதற்கு விவாதம்?

சுந்தரம்:
கதிர் தம்பி, அந்தச் சொல்லை ரயில்வே எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. தவிர, மீனா செய்வது இரண்டு வேலைகள். மொத்தமாக எழுதுவது ஒன்று, நேரம் குறிப்பது மற்றொன்று. ஏழையும் எழுதி அன்றே வெளியிடலாம்; ஒன்றே ஒன்றை எழுதி அடுத்த மாதத்துக்கும் குறிக்கலாம். முதலாவதற்கு நம் அடுக்களையிலேயே சொல் இருக்கிறது. ஒரு ஈடு இட்லி என்கிறோமே, அந்த ஈடு. "ஈட்டுப் பதிவு" எப்படி?

நசீமா:
என் சமையல் தளத்திலும் இதே தொல்லைதான். காலை 6 மணிக்குக் குறித்தவை எல்லாம் 11.30க்குத்தான் வருகின்றன. காலைப் பலகாரக் குறிப்பை மதியச் சாப்பாட்டு வேளையில் யார் படிப்பார்கள்? இதற்கு என்ன சொல்?

சுந்தரம்:
சொல் இல்லை அம்மா, மருந்து உண்டு. தளம் உலகப் பொது நேரத்திலேயே நிற்கிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம் இடைவெளி. `Settings → General → Timezone` பகுதியில் `Kolkata` என்று மாற்றுங்கள். ஏற்கெனவே குறித்தவற்றின் நேரத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கதிர்:
அப்படியானால் "தானியங்கி வெளியீடு" என்று வைத்துவிடலாமே. மணி அடித்ததும் தானே வெளியாகிறதல்லவா?

சுந்தரம்:
பாதி சரி. வேர்ட்பிரஸ் தானாகக் கடிகாரம் பார்ப்பதில்லை. யாராவது தளத்துக்குள் வரும்போதுதான் நேரம் கடந்த பதிவு உண்டா என்று பார்க்கிறது. 6 மணிக்குக் குறித்த பதிவு, முதல் ஆள் 8 மணிக்கு வந்தால் அப்போதுதான் வெளியாகும். ஆள் நடமாட்டம் குறைந்த நூலகத் தளத்தில் இது நடக்கும். வழங்கியிலேயே சில நிமிடங்களுக்கு ஒருமுறை `wp-cron.php` ஓடும்படி அமைத்தால் தாமதம் தீரும். அதனால்தான் "நேரம் குறித்தல்" என்கிறேன். குறிப்பது நம் கையில். வெளியாவது வேறு கதை.

தவம் (யாழ்ப்பாணம்):
ஐயா, எங்கள் பக்கம் ஈடு என்றால் அடகு. "ஈட்டுப் பதிவு" என்று கண்டால் காணி உறுதியை யாரோ வங்கியில் வைத்துவிட்டதாகவே நினைப்போம்.

சுந்தரம்:
நியாயம்தான். ஆனாலும் இட்லியை விட மனமில்லை.

மீனா:
இப்போதைக்குப் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு, "ஒரே ஈடாக எழுதி நேரம் குறிக்கவும்" என்று கையேட்டில் போடுகிறேன். கீழே ஒரு வரியும் சேர்க்கிறேன்: "நாளை", "இன்று" என்று எழுதாமல் கிழமையைச் சொல்லவும். ஞாயிறன்று எழுதிய "நாளை நூலகம் விடுமுறை" புதன்கிழமை வெளியாகி, வியாழன் முழுவதும் நானும் நூலகரும் தனியே உட்கார்ந்திருந்தோம்.