பத்தாம் வகுப்பு முடிவுச் சுருக்கம்: எந்தத் தேர்ச்சி விழுக்காட்டை மேலே போடுவது?

வணக்கம். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளி. தலைமையாசிரியருக்கு ஒரு பக்கச் சுருக்கம் தர வேண்டும். போன வருட ஒப்பீட்டில் சிக்கி நிற்கிறேன்.

போன வருடம் பட்டியலில் 122 பேர், எழுதியவர்கள் 120, தேர்ச்சி 108. இந்த வருடம் 120, 112, 103. எழுதியவர்களை வைத்துக் கணக்கிட்டால் 90-லிருந்து 92 விழுக்காடாக ஏறுகிறது. பட்டியலை வைத்தால் 88.5-லிருந்து 85.8-ஆக இறங்குகிறது. தேர்வுக்கே வராத எட்டுப் பேரால்தான் இந்த முரண்.

எக்செலில் அவர்களுக்கு 0 போட்டுப் பார்த்தேன். ஐந்து பாடத்திலும் எட்டு தோல்வி கூடி, தமிழ்கூடப் பலவீனமான பாடமாகத் தெரிகிறது. AB என்றே விட்டால் `COUNTIF(E2:E121,"<35")` அவர்களை எண்ணுவதே இல்லை. பாடவாரிக்கு அதுதான் சரி: கணிதத்தில் 7, அறிவியலில் 4, இரண்டிலும் தவறியவர் 2, ஆக 9 பேர்.

முதல் வரியில் எந்த விழுக்காட்டை வைத்து, வராதவர்களை எங்கே காட்டுகிறீர்கள்?